கனடா நிறை

மீன்காரர் தராசைத் தூக்கும்போது எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். நான் அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பேன். அது என் சுபாவம். கல்யாணம் கட்டி வந்த புதிதில் என் கணவர், "உமக்கு மீன் வாங்கத் தெரியாது, கள்ளனைப் பிடிக்கத்தான் தெரியும்" என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும். எங்கள் வீட்டுச் சட்டிக்கு ஒருநாளும் நிறை குறைந்த மீன் வந்ததில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் கூடப்பிறந்த தம்பி ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்.

"அக்கா, உன்ரை தராசு சரியோ?"

தம்பி கனடாவில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். நாங்கள் இங்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற பக்கம் வயல் செய்கிறோம். வீட்டு வளவில் நான் பாவற்கொடி போட்டிருக்கிறேன். காயை வட்டம் வட்டமாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து வற்றல் போடுவேன். ஒருமுறை ஆசைக்குக் கொஞ்சம் அனுப்பினேன். அவன் கடைக்கு வருகிற சனம் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு, வெயில் நன்றாக எறிக்கிற மாதங்களில், ஒவ்வொரு பெட்டியாக விமானத்தில் அனுப்பி வந்தேன். கப்பலில் போட்டால் மாதக்கணக்கில் கிடந்து வற்றல் பதம் கெட்டுவிடும். வற்றலுக்கும் அனுப்புகிற செலவுக்கும் சேர்த்துத் தம்பி வங்கியில் போட்டுவிடுவான். நான் தொகையைச் சொல்வேன், அவன் போடுவான். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த கணக்கு.

"தராசுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"இல்லை, இஞ்சை பெட்டியை நிறுத்துப் பார்த்தன். ஏழு கிலோதான். நீ சொன்ன காசைப் பார்த்தால் பதினாறு கிலோவுக்கு வருது. நான் இஞ்சை ஒருத்தரிட்டை விசாரிச்சனான், கிலோவுக்கு எவ்வளவு எடுக்கிறவங்கள் எண்டு."

விசாரித்தானாம். யாரிடம் விசாரித்தான், ஏன் விசாரித்தான் என்று நான் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் மனைவியின் இருமல் கேட்டது. அவள் இருமவே மாட்டாள். பக்கத்தில் நின்று அவனுக்குப் பேச்சு எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் இருமுவாள்.

"அப்ப நான் மிச்சக் காசை எடுத்தனான் எண்டு சொல்லுறியோ?"

"ஐயோ அக்கா, நான் அப்பிடிச் சொன்னனானோ? சும்மா கேட்டனான். ஆனா அடுத்த பெட்டிக்கும் இப்பிடி வந்தா, வத்தலை விட்டிடுவம். கட்டாது."

போனை வைத்துவிட்டு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வற்றல் போனால் போகட்டும். பாவற்காயைச் சந்தையில் விற்றுவிடலாம். ஆனால் என் தம்பியின் வீட்டில் இனிமேல் என் பெயரை எடுக்கும்போதெல்லாம் அந்த இருமலும் சேர்ந்து வரும் என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஊரில் உள்ள கள்ளரை எல்லாம் பிடித்தவளைக் கள்ளி என்று நினைக்க என் தம்பிக்கு எப்படி மனம் வந்தது?

அலுமாரிக்குள் இருந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் அடியில் இருக்கிற தொகையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அச்சடித்த ஆங்கிலத்துக்கு மேலே, கடைக்காரப் பெண் தன் கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: "நிறை 7. கன. நிறை 16."

கன. நிறை. கனடா நிறை.

விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். இங்கே ஏழு கிலோ, கனடாவில் பதினாறு கிலோ. அப்படியென்றால் நடுவில் ஒன்பது கிலோ பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. தம்பி கைக்குப் போகும்போது திரும்பவும் ஏழு கிலோ. அப்படியென்றால் ஏறிய ஒன்பது கிலோவும் அங்கே இறங்கியிருக்கிறது. என் வற்றல் பெட்டிக்குள் யாரோ, எதையோ கடத்துகிறார்கள்!

வயலால் வந்த கணவரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"பெட்டி போக முதலே கனடாவிலை வாற நிறை இவைக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"அதுதான் கள்ளம். முதலே தெரிஞ்சிருக்கு. எவ்வளவு வைக்கப்போறம் எண்டு கணக்குப் பண்ணித்தானே எழுதியிருக்கினம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டியிலை அனுப்பிற ஆளெண்டு உம்மடை பேரெல்லோ கிடக்கு" என்றார். அதன்பிறகு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. கடற்கரையில் கஞ்சா பொதி பொதியாகப் பிடிபட்ட கதைகளைக் கேட்காதவர் எங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்? அந்தக் கதைகளில் எல்லாம் பிடிபடுகிறவன் ஒருவன், பொதிக்குச் சொந்தக்காரன் வேறொருவன்.

அடுத்த பெட்டி கட்டுகிற நாள் வந்தது. இந்த முறை ஆயத்தமாகத்தான் போனேன். கணவர் நெல்மூட்டை நிறுக்கிற தொங்கு தராசைப் பையில் வைத்தேன். டேப் ஒட்டிய இடங்களில் எல்லாம், பாதி டேப்பிலும் பாதி மட்டையிலும் படும்படியாகக் கையெழுத்துப் போட்டேன். யாராவது பிரித்து ஒட்டினால் கையெழுத்து பொருந்தாது. பெட்டியைப் பார்த்தால் கோர்ட்டுக்குப் போகிற சாமான் மாதிரி இருந்தது.

பாசல் எடுக்கிற கடை கிளிநொச்சியில் ஏ-ஒன்பது றோட்டோரம் இருக்கிறது. முன்பக்கம் போட்டோக்கொப்பி, போன் காட். உள்ளே ஒரு மூலையில் பாசல் மேசை, பக்கத்தில் விற்பனைக்குப் புது மட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். மேசையில் இருக்கிற பெண் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, இங்கே கல்யாணம் கட்டி வந்தவள். அவள் தலைக்கு மேலே மாதா படம். மாதா படத்துக்குக் கீழே இருப்பவர்கள் கள்ளம் செய்யமாட்டார்கள் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளையார் படத்துக்குக் கீழேயும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அவள் பெட்டியைத் தன் தராசில் வைத்தாள். ஏழு கிலோ. நான் என் தராசைக் கொளுவித் தூக்கினேன். அதுவும் ஏழு கிலோ. அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. தராசில் பிழை என்றால் அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம்.

சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, போனமுறை கனடா நிறை பதினாறு எண்டு போட்டிருக்கிறீர். இடையிலை ஏறின அந்த ஒன்பது கிலோவும் ஆரின்ரை சாமான்?"

"என்ன ஒன்பது கிலோ?"

"அது உமக்கெல்லோ தெரியும்."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியில் கிடந்த கையெழுத்துகளைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, அது கனடா நிறை இல்லை. கன நிறை."

"கனமோ? ஏழு கிலோ கனமோ? இதை நான் பஸ்ஸுக்குள்ளை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான்."

"பாரம் இல்லை அக்கா. பள்ளிக்கூடத்திலை கனவளவு எண்டு படிச்சனீங்கள்தானே? நீளம், அகலம், உயரம். அந்தக் கனம்."

மேசை லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். என் பெட்டியின் நீளம் ஐம்பது சென்ரிமீற்றர், அகலம் நாற்பது, உயரம் நாற்பது. மூன்றையும் பெருக்கினாள். எண்பதாயிரம் வந்தது. அதை ஐயாயிரத்தால் பிரித்தாள். கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள். பதினாறு.

"தராசு காட்டுற நிறையையும் இதையும் வைச்சுப் பார்த்து, எது கூடவோ அதுக்குத்தான் கம்பனி காசு எடுக்கும்."

"எது குறையவோ அதுக்கு எடுத்தா என்ன?"

"பிளேனுக்குள்ளை இடம் முடிஞ்சுதெண்டா, பாரம் ஏத்த மிச்சம் இருந்தும் என்ன பிரயோசனம்? உங்கடை பெட்டி பதினாறு கிலோ சாமான்ரை இடத்தைப் பிடிக்குது. அவங்கள் இடத்துக்குக் காசு கேக்கிறாங்கள்."

"ஐயாயிரத்தாலை பிரிக்கச் சொன்னது ஆர்?"

"கம்பனி."

"கம்பனியிலை ஆர்?"

அவள் நாடாவைச் சுருட்டினாள். என்னிடம் இன்னொரு கேள்வி இருந்தது. "உமக்குக் கொமிசன் எந்த நிறைக்கு வரும்?"

நாடாவை லாச்சிக்குள் போட்டாள். "காசு எடுக்கிற நிறைக்குத்தான்" என்றாள்.

அப்படிச் சொல்லு! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். "முதல்நாளே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான் அக்கா. பெட்டி பெரிசு, வேறை பெட்டி எடுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள்தான் மாட்டன் எண்டனீங்கள்."

சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லும்போது அவள் கை அந்த விற்பனைப் பெட்டிகளைக் காட்டியது. தன் பெட்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றுதான் நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். இப்போதும் அதில் பாதி உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டியை அனுப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருத்தி சொன்னதை மட்டும் வைத்து நம்புகிற ஆள் நான் இல்லை. அடுத்தநாள் அதே பெட்டியோடு வவுனியாவுக்கு பஸ் எடுத்தேன். அங்கே ஒரு பாசல் கடை மலிவு என்று கேள்விப்பட்டிருந்தேன். கனகராயன்குளம் தாண்டும்வரை மனதுக்குள் பெருக்கிக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவர், நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் தள்ளி இருந்தார்.

வவுனியாக் கடைக்காரர் ஆறாயிரத்தால் பிரித்தார். பதின்மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதைப் பதின்மூன்றரை ஆக்கினார். பிடித்துவிட்டேன் கள்ளியை என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரு புளுகம். அதே விமானம், அதே பெட்டி, ஒருத்திக்கு ஐயாயிரம், ஒருத்தருக்கு ஆறாயிரம். ஆனால் தொகையைக் கேட்டபோது புளுகம் இறங்கிவிட்டது. அவருடைய கம்பனி ஒரு கிலோவுக்கு எடுக்கிற காசு கூடுதல். கடைசியில் இரண்டு கடையிலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். பிரிக்கிற எண்ணை மட்டும் பார்த்து ஒரு கடையை மலிவு என்று சொல்லமுடியாது என்பது அன்றைக்கு விளங்கியது. ஆனால் கன நிறை என்ற ஒன்று உண்டு, அது அந்தப் பிள்ளை உண்டாக்கிய கதை இல்லை என்பதும் விளங்கியது. அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவேயில்லை.

திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கை முனையில் கணவரின் உழவு மிசின் நின்றது. பின்னால் இழுவைப்பெட்டி நிறைய வைக்கோல். நெடுங்கேணிப் பக்கம் மாடு வைத்திருக்கிற ஒருவருக்கு ஏற்றப் போகிறார்.

"வைக்கோலுக்கு எவ்வளவு எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"பெட்டிக் கணக்குத்தான். நெல்லு ஏத்தினாலும் ஒரு பெட்டி, வைக்கோல் ஏத்தினாலும் ஒரு பெட்டி."

"நெல்லு எவ்வளவு பாரம், வைக்கோல் எவ்வளவு பாரம்?"

"அதுக்கு நான் என்ன செய்ய? பெட்டி நிரம்பினா நிரம்பினதுதானே. வைக்கோலுக்கு மேலை நெல்மூட்டை அடுக்கேலுமோ?"

நான் அந்த இடத்திலேயே கையில் இருந்த வற்றல் பெட்டியை இறக்கி வைத்தேன். எத்தனை வருஷமாக அந்தக் காசில் சமைத்துக்கொண்டிருக்கிறேன். கொள்ளைக்காரன் என் வீட்டிலேயே இருந்திருக்கிறான்! அவரை இரண்டு ஏச்சு ஏசினேன். எதற்காக ஏசுகிறேன் என்று அவருக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

சரி, அப்படியென்றால் பிழை பெட்டியில். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? தம்பியிடமிருந்து.

தம்பி வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ எங்களுக்குக் கப்பலில் பெட்டி போடுவான். சவர்க்காரம், பால்மா, உடுப்பு, சொக்கிலேற். கப்பல்காரருக்குப் பெட்டிக் கணக்கு. எவ்வளவு திணித்தாலும் ஒரு பெட்டிக்கு ஒரே காசு. அதனால் அவன் பெரிய, தடித்த மட்டைப்பெட்டியாகப் பார்த்து வாங்கி, மூடி மூடமுடியாத அளவுக்கு அடைத்து அனுப்புவான். சாமானை எடுத்துவிட்டு அந்தப் பெட்டியை நான் எறியமாட்டேன். அயல்வீட்டில் இருந்து ஒரு கோப்பை கறி வந்தால் கோப்பையைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். தம்பியின் பெட்டியும் எனக்கு அப்படித்தான். அவன் அனுப்பிய பெட்டியிலேயே வற்றலை வைத்து அவனுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இடம் நிறையக் கிடந்தது. வற்றல் நொறுங்கக்கூடாது என்று ஐஸ்கிறீம் வந்த வட்ட டப்பாக்களில் போட்டு, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவில் பேப்பரைக் கசக்கி அடைத்தேன். கசக்கிய பேப்பருக்கும், டப்பாக்களுக்கு நடுவில் கிடந்த காற்றுக்கும் சேர்த்து என் தம்பி விமானக் கூலி கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் காற்றை நான் களவெடுத்தேன் என்று வேறு நினைத்திருக்கிறான்.

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினேன். அந்தப் பெட்டியில், மட்டையும் டப்பாவும் போக இருந்த ஐந்து கிலோ வற்றலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, புதிதாக அதே ஐந்து கிலோ வரும் அளவுக்குக் காய் வெட்டினேன். பாவற்காய் வட்டங்கள் காய்ந்தபின் விறைத்துவிடும். நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் நெளிவு. ஒன்றோடொன்று படியவே படியாது. ஆனால் இரண்டாம் நாள் பின்னேரம், ஈரம் பாதி போன பதத்தில், துவண்டுபோய் இருக்கும். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்துணிக்கு நடுவில் பரப்பி, மேலே பலகையைப் போட்டு, பலகைக்கு மேலே அம்மிக்குழவியை ஏற்றிவைத்தேன். காலையில் எடுத்துத் திரும்ப வெயிலில் விட்டேன். எல்லாம் தட்டையாகக் காய்ந்தது. பொரித்துப் பார்த்தேன். அதே கைப்பு, அதே மொறுமொறுப்பு. கணவர் ஒரு கோப்பை முடித்துவிட்டு, "தட்டையாத்தான் நல்லாக் கிடக்கு" என்றார். ஏச்சுக்குப் பயந்து சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா தெரியாது.

டப்பாக்களை விட்டுவிட்டேன். பொலித்தீன் பைகளில் போட்டு, கையால் அமத்திக் காற்றை வெளியே விட்டு, பை வாயை மெழுகுதிரிச் சுவாலையில் ஒட்டினேன். அந்தப் பிள்ளை விற்கிற பெட்டியை வாங்கக்கூடாது என்ற பிடிவாதத்தில், சந்தையில் சவர்க்காரக் கடைக்காரரிடம் ஒரு வெறும் பெட்டி கேட்டு வாங்கினேன். நாற்பது நீளம், நாற்பது அகலம், இருபத்தைந்து உயரம். வீட்டிலேயே பெருக்கிப் பிரித்தேன். கன நிறை எட்டு கிலோ. உள்ளே வற்றல் ஐந்து கிலோ அடங்கிவிட்டது. இன்னும் மூலைகளில் இடம் கிடந்தது. எப்படியும் எட்டு கிலோவுக்குக் காசு எடுக்கப்போகிறார்கள், அப்படியென்றால் எட்டு கிலோ வரைக்கும் நிரப்பலாம்தானே? மிளகாய்த்தூள் பாரமான சாமான், இடம் பிடிக்காது. இரண்டு கிலோ திரித்து மூலை மூலையாகச் செருகினேன். பெட்டியோடு சேர்த்து ஏழரை கிலோ. கம்பனியை ஒருமுறையாவது வென்றுவிட்டேன் என்று இருந்தது.

பாசல் மேசையில் அந்தப் பிள்ளை நாடாவைப் பிடித்தாள். உயரம் இருபத்தெட்டு என்றாள்.

"இருபத்தஞ்சு. வீட்டிலை நான் அளந்தனான்."

"ஓரத்திலை அளந்திருப்பீங்கள். நடு வண்டி வைச்சிருக்குப் பாருங்கோ."

பார்த்தேன். மூடி நடுவில் ஊதியிருந்தது. அதிகம் அடைத்துவிட்டேன். ஆனால் அவள் நாடாவைத் தளர்த்திப் பிடிக்கிறாளோ என்று குனிந்து அவள் சுண்டுவிரலையும் பார்த்துக்கொண்டேன்.

"எங்கை உப்பிக் கிடக்கோ அங்கைதான் அளக்கிறது அக்கா. நான் உங்களுக்காக இருபத்தஞ்சு எண்டு எழுதிவிடுவன். கொழும்பிலை மெசின் திரும்ப அளக்கும். பிறகு மிச்சக் காசுக்கு என்னைப் பிடிப்பாங்கள், நான் உங்களைப் பிடிக்கவேணும். நீங்கள் திரும்பத் தராசோடை வருவீங்கள்."

இருபத்தெட்டுக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்பது கிலோ. மூன்று சென்ரிமீற்றர் ஊதலுக்கு ஒரு கிலோ! கத்தி கேட்டு வாங்கி, என் கையெழுத்துப் போட்ட டேப்பை நானே வெட்டினேன். மேலே இருந்த வற்றல் பை ஒன்றை எடுத்து, மற்றவற்றை அமத்தி அடுக்கினேன். மூடி தட்டையாக வந்தது. இருபத்தைந்து. எட்டு கிலோ. எடுத்த பையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லை, அவளிடம் கொடுக்கவும் மனமில்லை. கடைசியில் மேசையில் வைத்துவிட்டு, "பொரிச்சுச் சாப்பிடும்" என்றேன். அவள் சந்தோசமாக எடுத்தாள். ஒருவேளை நாடாவைப் பிடிக்கும்போதே அதைத்தான் நினைத்தாளோ என்று பஸ்ஸுக்குள் ஏறியபின் யோசித்தேன்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். கன நிறை, ஐயாயிரம், அவனுடைய பெட்டி, என்னுடைய டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு கிலோவுக்குக் கட்டிய இடத்தில் இனி எட்டு, அதோடு இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் செலவில்லாமல் வருகிறது என்று சொன்னேன்.

"அப்ப சரி அக்கா" என்றான். "இஞ்சையும் அப்பிடித்தான் எடுக்கிறவங்களாம். எனக்கு யோசினை வரேல்லை."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கூடப்பிறந்ததுகளுக்குள் அது தேவையில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெட்டி போய்ச் சேர்ந்தபோது படம் எடுத்து அனுப்பினான். வற்றல் முழுதாக இருந்தது. அவன் மனைவி போனை வாங்கி, "மச்சாள், தூள் நல்ல வாசம்" என்றாள். இருமவில்லை. எனக்குச் சந்தோசம்தான், மறைப்பானேன். அதன்பிறகு ஒவ்வொரு பெட்டியும் எட்டு கிலோவுக்கே போயிற்று.

மழை தொடங்குகிற நேரம் தம்பியின் கப்பல் பெட்டி வந்தது. வழக்கமான பெரிய பெட்டி. வழக்கம்போல் மூடி மூடவில்லை, டேப்பால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான். பழக்க தோசத்தில் முதலில் நாடாவைக் கொண்டுவந்து அளந்தேன். விமானத்தில் போட்டிருந்தால் இவன் குடும்பமே கடன்பட்டிருக்கும் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சவர்க்காரத்துக்குக் கீழே, ஒரு சோடி காலுறைக்குள் சுருட்டி, கைக்குள் அடங்குகிற ஒரு சின்னத் தராசு இருந்தது. விமானப் பயணிகள் சூட்கேஸை நிறுக்கிற கொளுக்கித் தராசு. வெளிச்சத்தில் இலக்கம் காட்டுகிறது. அதோடு ஒரு துண்டுக் கடதாசி. தம்பியின் கையெழுத்து.

"அக்கா, இனி இதில் நிறுத்து அனுப்பு."

கப்பல் பெட்டி வந்துசேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பின்னுக்குக் கணக்குப் பார்த்தேன். அந்தப் போன் வந்த கிழமைதான் அவன் இதைக் கட்டியிருக்கிறான். சும்மா கேட்டனான் என்று சொன்ன அதே கிழமை கடைக்குப் போய், தராசு வாங்கி, காலுறைக்குள் சுருட்டி, கப்பலில் ஏற்றியிருக்கிறான். நாங்கள் பேசிச் சரிக்கட்டி, சிரித்து, எட்டு கிலோப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தத் தராசு கடலில் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கணவர் அதைக் கையில் எடுத்து, "நல்ல சாமான்" என்றார். பிறகு கடதாசியைப் பார்த்தார். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

எனக்கு அன்றைக்கு ஆத்திரம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி வந்தது, சவர்க்காரம் வாசமாய் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவனும் தராசைப் பற்றிக் கேட்கவில்லை. அதை வைத்ததை மறந்துவிட்டானா, நான் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தானா, எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று என் மனம் சொல்லும். என் மனம் எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

மழை விட்டு வெயில் வந்தபின் அடுத்த வற்றல் பெட்டியைக் கட்டினேன். கன நிறை எட்டு, உள்ளே ஏழரை. அரைக் கிலோவுக்கு இன்னும் இடம் இருந்தது. தராசை அதே காலுறைக்குள் சுருட்டி, மிளகாய்த்தூளுக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். கடதாசியையும் அதோடு வைத்தேன். நான் ஒன்றும் எழுதவில்லை.

பாசல் மேசைப் பிள்ளை உள்ளே என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

"இதென்ன அக்கா, தராசோ? பற்றறி கிடந்தா பிளேனிலை எடுக்கமாட்டாங்கள். கழட்டுங்கோ."

கழற்றினேன். அவள் பெட்டியை நிறுத்தாள், பிறகு அளந்தாள். எட்டு கிலோதான் வந்தது. தராசுக்கென்று தம்பி ஒரு சதமும் கூடக் கட்டத் தேவையில்லை. பற்றறியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்தேன்.